பிசியோதெரபிஸ்ட்: பணி விவரக் குறிப்பு

விண்ணப்பிக்கும் பணி: முதுநிலை பிசியோதெரபிஸ்ட், பக்கவாத மறுவாழ்வுப் பிரிவு
கல்வி: பிசியோதெரபியில் இளநிலைப் பட்டம் (2014), நரம்பியல் பிசியோதெரபியில் முதுநிலைப் பட்டம் (2017)
மொத்த அனுபவம்: 9 ஆண்டுகள்

பணியாற்றிய இடங்கள்

2020 முதல் இன்றுவரை: பல்துறை மருத்துவமனை, நரம்பியல் வார்டும் தீவிர சிகிச்சைப் பிரிவும். நாளொன்றுக்கு 10 முதல் 12 நோயாளிகள். பக்கவாதம், தண்டுவடக் காயம், பார்க்கின்சன், கில்லன் பாரே ஆகியவையே அதிகம். பக்கவாதத்தில் கை தொங்கிப்போய்த் தோள்மூட்டு இறங்குவதை முதல் வாரத்திலேயே கவனிப்பேன். கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக்கூடாது என்று வீட்டாருக்குச் செய்து காட்டுவதும் என் சிகிச்சையில் சேர்ந்ததுதான். வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கு நெஞ்சுச் சளி அகற்றுதல், நிலை மாற்றுதல். மருத்துவர் சரி என்றதும் கட்டிலோரம் உட்கார வைத்தல்.

2017–2020: எலும்பு மூட்டு வெளிநோயாளர் பிரிவு. முழங்கால் மூட்டு மாற்று, முன்சிலுவைத் தசைநார் சீரமைப்பு, தோள்பட்டை இறுக்கம், டிஸ்க் பிதுக்கம், கழுத்து வலி. மூட்டு மாற்றுக்குப் பின் முழங்காலை மடக்கக் காட்டும் அவசரத்தை நீட்டுவதில் யாரும் காட்டுவதில்லை. 10 டிகிரி மடங்கியே நின்றுவிட்டால் நடை நொண்டும். அதனால் கோனியோமீட்டர் அளவு இரண்டையும் ஒவ்வொரு வருகையிலும் எழுதி வைப்பேன்.

2014–2015: முதியோர் இல்லம், பகுதிநேரம். கீழே விழாமல் இருக்கப் பயிற்சி.

பயன்படுத்தும் முறைகள்

நரம்பியலில் போபாத், பி.என்.எஃப்., நல்ல கையைக் கட்டுப்படுத்திப் பாதித்த கையைப் பழக்கும் பயிற்சி, கண்ணாடிச் சிகிச்சை. எலும்பு-தசைப் பிரச்சினைகளுக்கு மெய்ட்லண்ட், மல்லிகன், மெக்கென்சி. டென்ஸ், அல்ட்ராசவுண்ட் கருவிகளை இயக்கத் தெரியும். ஆனால் உடற்பயிற்சிக்கு மாற்றாக அவற்றை வைப்பதில்லை. முன்னேற்றத்தை அளக்க பெர்க் சமநிலை அளவுகோல் (56 மதிப்பெண்), 6 நிமிட நடைச் சோதனை, எழுந்து நடந்து திரும்பி உட்காரும் நேரச் சோதனை.

ஒரு உதாரணம்: வலப்பக்கம் செயலிழந்து வந்த 61 வயது தையல்காரரின் பெர்க் மதிப்பெண் 14. வெறும் கூம்புகளை எடுத்து வைக்கச் சொன்னால் சலித்துக்கொண்டார். அப்புறம் பொத்தானும் துணியும் கொடுத்தேன், நேரம் போனதே அவருக்குத் தெரியவில்லை. 12 வாரத்தில் பெர்க் 41, ஊன்றுகோலுடன் தனியாக நடந்தார். விரல்களின் நுண்வேலை மட்டும் முழுதாகத் திரும்பவில்லை.

தொடர்கல்வி

2018: மெக்கென்சி, பகுதி ஏ, பி (இடுப்பு, கழுத்து)
2019: ட்ரை நீட்லிங் அடிப்படைப் பயிற்சி. இப்போதைய பணியில் பயன்படுத்துவதில்லை.
2021: தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆரம்பகால இயக்கப் பயிற்சி, இணையவழி, 20 மணி நேரம்
2023: தலைச்சுற்றலுக்கான வெஸ்டிபுலர் பயிற்சி, எப்லி முறை உட்பட. இதைக் கற்றபின் வார்டில் தினமும் பயன்படுகிறது.
2024: அடிப்படை உயிர்காப்புச் சான்றிதழ் புதுப்பிப்பு

2022 முதல் பயிற்சி மாணவர்களுக்கு வாரம் ஒரு வகுப்பு எடுக்கிறேன். ஒரு மாத முன்னறிவிப்புக் காலம் முடிந்ததும் பணியில் சேரலாம்.