மேட்டுப்பாளையத்தில் ரயில் இறங்கி மலைக்குப் போகிறவர்களிடம் நாம் சொல்ல வேண்டியவை

நம் டாக்ஸி ஸ்டாண்டில் போன் எடுப்பவருக்கும் டிரைவர்களுக்கும்: பெட்டி டிக்கியில் ஏறும் முன்பே வாடகையும் வெயிட்டிங்கும் முழுசாகச் சொல்லியாக வேண்டும். பேச்சு அவரவர் வாக்கில் இருக்கட்டும், தொகை மட்டும் மாறக் கூடாது.

முந்தின நாள் மாலை, போனில்

"வணக்கம் சார். மேட்டுப்பாளையத்திலிருந்து டாக்ஸிக்காகப் பேசுகிறேன். நாளைக் காலை நீலகிரி எக்ஸ்பிரஸில் வருகிறீர்கள், பெரியவர்கள் மூன்று பேர், குழந்தை ஒன்று, ஊட்டி வரை. சரிதானே? இரண்டு நிமிடம் இருந்தால் வாடகையைச் சொல்லிவிடுகிறேன்.

நாலு பேர் உட்காரும் சின்ன வண்டிக்கு, குன்னூர் வழியாக ஊட்டியில் இறக்கிவிட 2,200 ரூபாய். ஏழு பேர் வண்டிக்கு 3,300. குன்னூரோ கோத்தகிரியோ போதும் என்றால் சின்ன வண்டி 1,600, பெரிய வண்டி 2,400. டீசல், டிரைவர் பேட்டா, செக்போஸ்ட்டில் கட்டுகிற தொகை எல்லாம் இதற்குள் அடக்கம். மலை ஏறுவதற்குத் தனியாக எதுவும் கேட்க மாட்டோம். தலைக்கு இவ்வளவு என்ற கணக்கும் கிடையாது, வண்டிக்குத்தான் வாடகை.

அப்புறம் இ-பாஸ். நீலகிரிக்குள் வரும் வெளி மாவட்ட வண்டிகளுக்கு 2024 மே மாதத்திலிருந்து அது கட்டாயம். நம் வண்டி டி.என். 40, அதனால் நமக்கும் வேண்டும். epass.tnega.org தளத்தில் நாங்களே எடுத்துவிடுகிறோம், அதற்குக் காசில்லை. எத்தனை பேர், எங்கே தங்குகிறீர்கள், எந்தத் தேதி வரை என்பதை இப்போதே சொன்னால் போதும். சனி ஞாயிறு, கோடை சீசன் என்றால் கடைசி நேரத்தில் பாஸ் கிடைப்பது கஷ்டம். அதனால்தான் இன்றே கேட்கிறேன்.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மலைக்கு மேலே தடை. செக்போஸ்ட்டில் வண்டியைத் திறந்து பார்ப்பார்கள். குழந்தைக்குத் தண்ணீர் எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுவந்துவிடுங்கள்."

மலை ரயிலுக்கும் டிக்கெட் போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். வெயிட்டிங் லிஸ்டில் இருந்தால் இப்படிச் சொல்லுங்கள்: "டிக்கெட் உறுதியாகிவிட்டால் ரயிலிலேயே போங்கள் சார். குழந்தைக்கு அது மறக்காது. காலை 7 மணிக்குள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், முன்பணம் 500 ரூபாயும் திரும்பிவிடும்." ஒரு டிரிப் போகிறதே என்று இழுக்காதீர்கள். ரயிலில் ஏறிப் போனவர்கள் இறங்கும்போது நம்மைத்தான் கூப்பிடுகிறார்கள்.

வெயிட்டிங் பற்றி, அதே போனில்

"ரயில் எவ்வளவு தாமதமாக வந்தாலும் அதற்கு வெயிட்டிங் கிடையாது. 12671 எங்கே வருகிறது என்று டிரைவர் போனில் பார்த்துக்கொண்டே இருப்பார். பிளாட்பாரத்தில் வண்டி நின்ற நேரத்திலிருந்து 45 நிமிடம் இலவசம். முகம் கழுவலாம், காபி குடிக்கலாம், அவசரமே வேண்டாம். அதற்கு மேல் அரை மணிக்கு 75 ரூபாய்.

போகிற வழியில் டிபனுக்கும் போட்டோவுக்கும் எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் நிற்கலாம். அதைத் தாண்டினால் மணிக்கு 150. குழந்தைக்கு வாந்தி வந்து நிறுத்தினால் அது இந்தக் கணக்கில் சேராது. மரம் விழுந்தோ மண் சரிந்தோ டிராஃபிக்கிலோ வண்டி நின்றாலும் சேராது."

இந்த விதி எப்படி வந்தது என்பதைப் புதிதாகச் சேர்ந்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு மழைக்காலத்தில் ரயில் ஒன்றரை மணி நேரம் லேட். நம் டிரைவர் ஒருவர் ஒரு பாட்டியையும் பேரனையும் ஊட்டியில் இறக்கிவிட்ட பிறகு 300 ரூபாய் வெயிட்டிங் கேட்டிருக்கிறார். பேரன் பேச ஆரம்பிப்பதற்குள் அந்தப் பாட்டி இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, மடித்த நூறு ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். மறுநாள் பேரன் போனில் சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை. ரயில் லேட் ஆனதற்கு அவர்கள் என்ன செய்வார்கள்? பணத்தை அன்றைக்கே திருப்பி அனுப்பினேன். ரயில் தாமதம் இனி நம் பாடு, பயணியின் பாடு இல்லை.

ஸ்டேஷன் வாசலில், டிரைவர்

பெயரும் வண்டி நம்பரும் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு வெளிவாசலில் நில்லுங்கள். ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வந்தவரைக் கையைப் பிடித்து இழுக்கிற மாதிரி கூப்பிட வேண்டாம்.

"வாங்க சார், வாங்கம்மா. ஊட்டிக்கு நம் வண்டிதான். ஆபீஸில் சொன்னதுதான் வாடகை, 2,200. முன்பணம் 500 வந்துவிட்டது. இறங்கும்போது 1,700 கொடுத்தால் போதும். ஜிபேயும் சரி, கையிலும் சரி. ரயில் நின்றது 6.40க்கு. 7.25 வரை நேரம் இருக்கிறது, நிதானமாக வாருங்கள்."

எல்லோரும் தலையாட்டிய பிறகு பெட்டியைத் தூக்குங்கள். இ-பாஸை போனில் திறந்து அவரிடம் ஒருமுறை காட்டுங்கள். முன் சீட்டுக்குப் பின்னால் உள்ள பையில் காகிதக் கவர்கள் இருக்கின்றன. கல்லாறு தாண்டுவதற்குள் எடுத்துக் கையில் கொடுத்துவிடுங்கள். வளைவு ஆரம்பித்த பிறகு தேட நேரம் இருக்காது.

ஆள் வரவில்லை, போனும் எடுக்கவில்லை என்றால், ரயில் வந்து ஒன்றரை மணி நேரம் வரை நில்லுங்கள். அதன் பிறகும் ஆபீஸுக்குச் சொல்லாமல் வண்டியை எடுக்கக் கூடாது.

குன்னூர் ரோடு அடைத்திருந்தால், திரும்புவதற்கு முன்பே சொல்ல வேண்டியது: "சார், பர்லியாறு பக்கம் போக விடவில்லை. கோத்தகிரி வழியாகத்தான் போக முடியும், கொஞ்சம் சுற்று. 250 ரூபாய் கூடும். சரி என்றால் திருப்புகிறேன். இல்லை, திறக்கும்வரை இங்கேயே இருக்கலாம், அதற்கு வெயிட்டிங் இல்லை." அவர் யோசிக்கட்டும். நீங்கள் முடிவு செய்ய வேண்டாம்.

வண்டியை நாள் வாடகைக்குக் கேட்டால்

"சின்ன வண்டி 8 மணி நேரம், 80 கிலோமீட்டர், 2,800 ரூபாய். கூடுதல் கிலோமீட்டருக்கு 15, கூடுதல் மணிக்கு 200. நீங்கள் வண்டியில் ஏறுகிற நேரத்திலிருந்துதான் கணக்கு, ஷெட்டிலிருந்து இல்லை. தொட்டபெட்டாவிலோ பொட்டானிக்கல் கார்டனிலோ எவ்வளவு நேரம் இருந்தாலும் அந்த எட்டு மணி நேரத்துக்குள் தனி வெயிட்டிங் கிடையாது. பார்க்கிங் சீட்டும் நுழைவுக் கட்டணமும் உங்களுடையது. டிரைவர் ராத்திரி தங்கினால் பேட்டா 400."

கிளம்பும்போதும் முடியும்போதும் மீட்டரை அவரையே போட்டோ எடுக்கச் சொல்லுங்கள்.

ரத்து செய்தால்

"ரயில் ரத்தானாலோ இ-பாஸ் கிடைக்காமல் போனாலோ முன்பணம் முழுசாகத் திரும்பும். நீங்களாக ரத்து செய்வதென்றால் முந்தின இரவு 9 மணி வரை பிடித்தம் இல்லை. அதற்குப் பிறகு 300 பிடித்துக்கொண்டு 200 அனுப்புவோம். மலை ரயில் டிக்கெட் உறுதியானவர்களுக்கு மட்டும் காலை 7 மணி வரை பிடித்தம் இல்லை. எங்கள் வண்டி பழுதானால் அதே வாடகைக்கு வேறு வண்டி வரும். ஒரு மணி நேரத்தில் வரவில்லை என்றால் முன்பணம் திரும்பிவிடும், நீங்கள் வேறு வண்டி பிடித்துக்கொள்ளலாம்."

போனை வைப்பதற்கு முன் டிரைவர் நம்பரையும் வண்டி நம்பரையும் வாடகையையும் தமிழிலேயே ஒரு மெசேஜாக அனுப்பிவிடுங்கள். "வந்ததா சார்?" என்று கேட்டு, அவர் "வந்தது" என்று சொன்ன பிறகு வையுங்கள்.