தேர் அண்டைக்குப் பாஸ்வேட்

தோகா இண்டஸ்ரியல் ஏரியாவில எங்கட அறை. ஆறு பேர், எல்லாரும் யாழ்ப்பாணம், ஜெயம் அண்ணை மட்டும் கலியாணம் முடிச்சுக் கிளிநொச்சியில இருக்கிறவர். வைஃபை மோகன் அண்ணையின்ர பேரில எடுத்தது, மாசம் மாசம் எல்லாரும் பங்குக் காசு குடுக்கிறது. பாஸ்வேட் மட்டும் அவர் ஒருத்தருக்கும் சொல்லுறதில்லை. புதுசா ஆள் வந்தால் போனை வாங்கி, அங்கால திரும்பி நிண்டு தானே அடிச்சுக் குடுப்பார். றூட்டரைப் பூட்டினது தர்சன் எண்டபடியா அவனுக்கும் தெரியும், அவ்வளவுதான்.

நல்லூர்த் தேர் அண்டு விடிய நாலு மணிக்கே எல்லாரும் எழும்பிட்டம். ஊரில ஏழெண்டால் இங்க நாலரை. கோடை காலத்தில பத்து மணியில இருந்து மூண்டரை வரைக்கும் வெளி வேலை செய்யக்கூடாதெண்டு இங்க சட்டம், அதால சைற்றுக்கு வெள்ளனவே ஏத்திக்கொண்டு போயிடுவாங்கள், அஞ்சுக்கு பஸ் வந்திடும். அந்த அரை மணித்தியாலத்துக்குள்ள தேர் அசையிறதைப் பாத்தால் சரி எண்டு ஜெயம் அண்ணை தோஞ்சு திருநீறு பூசிக்கொண்டு வந்து இருக்கிறார், போனில அந்த வட்டம் சுத்துது சுத்துது சுத்திக்கொண்டே இருக்கு. வசந்த மண்டபப் பூசையும் பாக்கேல்லை, சாமி வெளிய வாறதும் பாக்கேல்லை.

மோகன் அண்ணை 192.168.1.1 அடிச்சு உள்ளுக்குப் போய்ப் பாத்தார். பதினாலு போன் தொங்குது. நாங்கள் ஆறு பேர்.

"தர்சன், ஆருக்கடா குடுத்தனி?"

"நான் ஒருத்தருக்கும் குடுக்கேல்லை அண்ணை."

"உனக்கும் எனக்கும்தானே தெரியும்? நான் குடுக்கேல்லை. அப்ப ஆர், பேயே குடுத்தது? பக்கத்து அறை நேபாளிப் பெடியளோட நீதானே எந்த நேரமும் நிக்கிறாய்."

தர்சனுக்கு முகம் சிவந்திட்டு. பருத்தித்துறைப் பெடியன், அதிகம் கதைக்காதவன். "பூட்டித் தந்தவன் எண்டால் களவெடுத்தவனே? காசு நானும்தான் குடுக்கிறன் அண்ணை, ஏன் எனக்கு மட்டும் இந்தக் கேள்வி?" எண்டு கத்தினான். கஜன் இடையில பூந்து மோகன் அண்ணைக்குப் பேச, ரமணன் தர்சனுக்குப் பேச, ஆறு மாசத்துக்கு முந்தி ஆரோ கழுவாமல் விட்ட சட்டிக்கதை வரைக்கும் போட்டுது. விடிய வெள்ளன, சாமி நாளில, கேக்கவே மனசுக்குக் கஷ்டமா இருந்தது.

நான் என்ர போனை எடுத்து வைஃபை செற்றிங்குக்குள்ள போய் "ஷெயார்" அமத்தினன். கியூஆர் படம் வந்தது, அதுக்குக் கீழ பாஸ்வேட் அப்பிடியே எழுத்தில கிடக்குது. மோகன் அண்ணையின்ர கண்ணுக்கு முன்னால பிடிச்சன். "அண்ணை, நீங்கள் திரும்பி நிண்டு அடிச்சாலும் இதுதான் கதை. ஒருக்கா கனெக்ற் ஆன போன் வச்சிருக்கிற எவருக்கும் தெரியும். தர்சனை மட்டும் கேட்டால் அது ஞாயமில்லை."

அவர் அதையே பாத்துக்கொண்டு நிண்டார்.

அப்பத்தான் ஜெயம் அண்ணை வாய் திறந்தார். "நான்தான் குடுத்தனான். அந்த நேபாளிப் பெடியன்ர மனிசிக்குப் பிள்ளை பிறந்தது, முகம் பாக்கக் காட் போட அவனிட்டக் காசில்லை. படத்தைக் காட்டினன், எடுத்தான். அவன் மற்ற ஆக்களுக்கும் குடுப்பான் எண்டு நான் நினைக்கேல்லை."

ஜெயம் அண்ணைக்கு ஆர் என்ன சொல்லுறது? வயசில மூத்தவர், எனக்குக் காய்ச்சல் வந்த நேரம் கஞ்சி வச்சுத் தந்த மனிசன். ஆனால் மோகன் அண்ணை விடேல்லை, "அதை என்னட்ட ஒரு வாத்தை சொல்லியிருக்கலாமே, நான் என்ன மாட்டனெண்டோ சொல்லியிருப்பன்" எண்டார், அதுவும் சரிதான். பிறகு தர்சன்ர பக்கம் திரும்பினார்.

"தம்பி, புதுசா மாத்து. பிறகு அந்தப் பெடியனுக்கு மட்டும் நானே போட்டுக் குடுக்கிறன்."

"நீங்களே மாத்துங்கோ. எனக்குத் தெரியவே வேண்டாம்." தர்சன் சுவரைப் பாத்துக்கொண்டு சப்பாத்துப் போட்டான்.

மோகன் அண்ணை கொஞ்ச நேரம் ஒண்டும் சொல்லேல்லை. பிறகு தானே அடிக்கத் தொடங்கினார், அடிக்க அடிக்க ஆறு பேருக்கும் கேக்கிற மாதிரிச் சத்தமாச் சொல்லிக்கொண்டு. "எட்டு எழுத்துக்குக் குறைய எடுக்காதாம். nallur24. இருபத்தி நாலு, தேர்த் திருவிழா. எல்லாரும் கேட்டியளோ? தர்சன், கேட்டதே?"

எல்லாற்ற போனும் ஒரேயடியா அறுந்துது. வெளியில பஸ் கோன் அடிக்குது. திரும்ப அடிச்சு முடிச்சு முதல்ல தேரைப் பிடிச்சது கஜன்ர போன், வடம் இழுபடுது, சனம் "அரோகரா" எண்டுது, ஜெயம் அண்ணை கையைத் தலைக்கு மேல தூக்கிட்டார்.

"அண்ணை," எண்டான் தர்சன், சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டு, "முதல் என் பெரிசோ சின்னனோ?"

"சின்னன்டா. கெதியா அடி, தேர் போகுது."