உத்தரவாதமும் பழுதுபார்ப்பு விதிகளும்
(மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, அயர்ன் பாக்ஸ், இண்டக்‌ஷன் அடுப்பு சர்வீஸ் கடை, கும்பகோணம். 2025 ஜூன் 1 முதல் கொடுக்கப்படும் எல்லா ரசீதுகளுக்கும் பொருந்தும்.)

இதுவரை இந்தக் கடையில் உத்தரவாதம் என்பது "ஏதாவது ஆச்சுன்னா கொண்டு வாங்க, பார்த்துக்கலாம்" என்ற ஒரு வாக்கியம்தான். பிரஷ் மாற்றிய மிக்சி நான்கு மாதம் கழித்து சுவிட்ச் போய் வரும். வாடிக்கையாளர் இலவசம் என்று நினைப்பார், கவுண்டரில் இருப்பவர் கிடையாது என்பார். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும், எழுத்து மட்டும் இருக்காது. அதனால் இது. சுவரிலும் ஒட்டியிருக்கிறோம், ஜாப் கார்டோடும் தருகிறோம்.

எதற்கு உத்தரவாதம்

நாங்கள் செய்த வேலைக்கும், நாங்கள் போட்ட பாகத்துக்கும் மட்டும். முழு மெஷினுக்கு அல்ல. அதனால் என்ன செய்தோம், எதை மாற்றினோம் என்பது ரசீதில் தனித்தனி வரியாக இருக்கும். "மிக்சி சர்வீஸ் 650" என்று ஒற்றை வரியில் ரசீது கொடுத்தால் வாங்காதீர்கள், திருப்பி எழுதச் சொல்லுங்கள்.

கார்பன் பிரஷ், அயர்ன் பாக்ஸ் வயர், சுவிட்ச்: 30 நாள். கப்ளர்: 15 நாள், ஜார் சரியாக உட்காராமல் ஓட்டினால் ஒரே நாளில் பல் உடையும், அதற்கு மேல் நாங்கள் வாக்குக் கொடுக்க முடியாது. பேரிங், புஷ், மின்விசிறி கெப்பாசிட்டர், கிரைண்டர் பெல்ட்: 90 நாள். ஜார் பிளேடு செட்டில் கசிவு வந்தால்: 60 நாள். இண்டக்‌ஷன் போர்டு வேலை: 30 நாள். அடுப்புக்குள் கரப்பான் புகுந்து போர்டு ஷார்ட் ஆனால் இது பொருந்தாது. சிரிக்காதீர்கள், இங்கே வரும் இண்டக்‌ஷனில் பாதிக்கு மேல் அந்தக் கதைதான்.

காயில் கட்டும் வேலை

சண்டை அதிகம் வருவது இதில்தான், அதனால் விவரமாகவே சொல்கிறோம். காப்பர் கம்பியில் கட்டினால் 6 மாதம். அலுமினியக் கம்பியில் நாங்கள் கட்டுவதில்லை, 2011 முதல் அரசு வழங்கிய விலையில்லா மிக்சிக்கு "இதுக்குப் போய் காப்பரா?" என்று கேட்பவர்கள் உண்டு. செலவு கட்டுப்படியாகாது என்றால் அதைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுவோம், மட்டமாகக் கட்டித் தர மாட்டோம்.

ஆறு மாதத்துக்குள் காயில் மறுபடி எரிந்து வந்தால் உங்கள் கண் முன்னால் பிரிப்போம். இன்சுலேஷனில் எங்கள் குறை என்றால் பெரும்பாலும் ஓரிடத்தில் மட்டும் வெந்திருக்கும். அளவுக்கு மீறி ஓட்டியதால் எரிந்தது என்றால் சுற்று முழுக்க ஒரே மாதிரி கறுத்திருக்கும். முதலாவது என்றால் பைசா வாங்காமல் திரும்பக் கட்டித் தருவோம். இரண்டாவது என்றால் கம்பி விலை மட்டும் வாங்குவோம், கூலி கிடையாது. இரண்டும் கலந்து சந்தேகமாக இருந்தால் சந்தேகத்தின் பலன் உங்களுக்கு.

மிக்சியில் '30 நிமிட ரேட்டிங்' என்று போட்டிருப்பதைப் பார்த்து அரை மணி நேரம் நிறுத்தாமல் இட்லி மாவு அரைப்பவர்கள் இருக்கிறார்கள். ஐந்து நிமிடம் ஓட்டி, இரண்டு நிமிடம் ஆறவிட்டு, அப்படி மொத்தம் முப்பது என்பதுதான் அதன் கணக்கு. அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தான் துள்ளி நின்றால் உடனே அழுத்தி மறுபடி ஓட்டாதீர்கள். மோட்டார் சூடாகிவிட்டது என்று அது சொல்கிறது.

எப்போது செல்லாது

ஸ்க்ரூ தலையில் நாங்கள் வைக்கும் சிவப்பு நெயில் பாலிஷ் புள்ளி உடைந்திருந்தால், அதாவது வேறு யாராவது திறந்திருந்தால். தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தால். வீட்டு மெஷினை டீக்கடையிலோ மெஸ்ஸிலோ ஓட்டினால் மேலே சொன்ன நாள்களில் பாதிதான். முதலிலேயே சொல்லிவிட்டால் அதற்குத் தக்க பாகம் போட்டுத் தருகிறோம். நீங்களே பாகம் வாங்கி வந்தால் பாகத்துக்கு எங்கள் பொறுப்பு இல்லை, கூலிக்கு 15 நாள். கம்பெனி வாரண்டி மிச்சமிருக்கும் பொருளை நாங்கள் திறப்பதே இல்லை. அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு அனுப்பிவிடுவோம். எங்களுக்கு நஷ்டம், உங்களுக்கு லாபம்.

ஷாக் அடித்தால்

இதற்கு நாள் கணக்கே கிடையாது. நாங்கள் தொட்ட எந்த மெஷினாவது, ஒரு வருஷம் கழித்தும் கூட, பாடியில் ஷாக் அடிக்கிறது என்றால் உடனே நிறுத்திவிட்டுக் கொண்டு வாருங்கள். வரிசையில் முதலில் பார்ப்போம், பரிசோதனைக் கட்டணம் கிடையாது. கடையை விட்டுப் போகும் ஒவ்வொரு மெஷினும் மின்கசிவு இருக்கிறதா என்று மெக்கர் கருவி வைத்துச் சோதித்துத்தான் போகும், அளவு ஜாப் கார்டில் எழுதப்படும். வீட்டில் இரண்டு பின் சாக்கெட்தான் இருக்கிறது, மூன்றாவது பின்னை வெட்டிக் கொடுங்கள் என்று கேட்காதீர்கள். எவ்வளவு பழகியவராக இருந்தாலும் செய்ய மாட்டோம்.

திரும்பி வரும் வேலை

உத்தரவாதத்துக்குள் அதே பழுது வந்தால் இரண்டு வேலை நாளில் முடித்துத் தருவோம். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் மட்டும் நான்கு நாள். அதே பழுது மூன்றாம் முறை வந்தால் வாங்கிய பணம் முழுவதும் திரும்ப. சாய்க்கும் கிரைண்டரைத் தூக்கி வர முடியாது என்பதால் 8 கிலோமீட்டருக்குள் நாங்களே வருவோம். முதல் முறை 150 ரூபாய், உத்தரவாத வேலைக்கு வந்தால் இல்லை. ரசீது தொலைந்துவிட்டதா, பரவாயில்லை, போன் நம்பர் சொன்னால் நோட்டில் எடுத்துவிடலாம்.

சரி செய்து விற்கும் பழைய மிக்சி, கிரைண்டருக்கு 3 மாதம் முழு உத்தரவாதம். வாங்கி 7 நாளுக்குள் பிடிக்கவில்லை என்றாலும் திருப்பித் தரலாம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற போர்டு இந்தக் கடையில் இருக்காது. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி முறையற்ற வணிகம்.

மதிப்பீடும் மாற்றிய பாகமும்

சொன்ன தொகையை விட 100 ரூபாய்க்கு மேல் கூடும் என்றால் போனில் கேட்டுவிட்டுத்தான் வேலை. பார்த்த பிறகு வேண்டாம் என்றால் பரிசோதனைக்கு 100 ரூபாய், அவ்வளவுதான். கழற்றிய பழைய பாகம் உங்களுடையது. பையில் போட்டுத் தருவோம், வேண்டாம் என்றால் மட்டுமே நாங்கள் வைத்துக்கொள்வோம்.

வாங்காமல் போகும் பொருள்கள்

இப்போது அலமாரியில் நாற்பதுக்கும் மேல் இருக்கின்றன. முடிந்த வேலைக்குக் கூலி வரும் வரை பொருளை வைத்துக்கொள்ள ஒப்பந்தச் சட்டம் 1872, 170ஆம் பிரிவு இடம் தருகிறது. விற்க அது இடம் தரவில்லை. அதனால் விற்க மாட்டோம். 30 நாளிலும் 60 நாளிலும் போன் செய்வோம். 90 நாளுக்கு மேல் மாதம் 50 ரூபாய் வைப்புக் கூலி. இதற்குச் சம்மதிக்கும் வரி ஜாப் கார்டில் உண்டு, கையெழுத்துக்கு முன் படித்துப் பாருங்கள். எங்கள் கவனக்குறைவால் பொருள் உடைந்தாலோ காணாமல் போனாலோ அப்போதைய மதிப்பு எங்கள் பொறுப்பு.

குறை இருந்தால்

கவுண்டரில் வாக்குவாதம் வேண்டாம். கடைக்காரர் மாலை 5 முதல் 7 வரை இருப்பார், நேரில் பேசுங்கள். இரண்டு நாளில் எழுத்தில் பதில் வரும். அதிலும் திருப்தி இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அல்லது மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

கடை ஊழியர்களுக்கு: இந்தத் தாளில் இல்லாத உத்தரவாதத்தை வாயால் கொடுக்கக் கூடாது. இதில் இருப்பதை மறுக்கவும் கூடாது.