நான்கு ஒழுங்கைகளில் குப்பை பிரிப்பு: பிரதேச சபை அமர்வில் வாசிக்கும் முன்மொழிவு

தவிசாளர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் செயலாளர் அவர்களுக்கும் வணக்கம். எங்கள் சனசமூக நிலையத்தின் சார்பில் பேச வந்திருக்கிறேன், பத்து நிமிடம்தான் கேட்டேன், அதற்குள் முடித்துவிடுவேன். கேட்க வந்த தொகையை முதலே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எல்லாரும் கடைசிப் பக்கத்தையே புரட்டிக்கொண்டு இருப்பீர்கள். வீடுகளில் குப்பையைப் பிரித்து, உக்கக்கூடியதை ஊருக்குள்ளேயே கூட்டுப்பசளையாக்குகிற வேலைக்குச் சபையிடம் கேட்பது 428,300 ரூபாய். மொத்தச் செலவு 643,180. மிச்சத்தை நாங்கள் போடுகிறோம். ஆறு மாதம், நான்கு ஒழுங்கை, 124 வீடு, 11 கடை, ஒரு கோவில்.

போன மாதம் ஒரு சின்ன வேலை செய்தோம். பதினெட்டு வீடுகளைக் கேட்டு, ஏழு நாள் குப்பையை மூன்றாகப் பிரித்து வைக்கச் சொல்லி, மீன் வியாபாரியிடம் இரவல் வாங்கிய தொங்கு தராசில் ஒவ்வொரு நாளும் பின்னேரம் நிறுத்தோம். ஏழு நாளைக்கும் சேர்த்து 151 கிலோ. அதில் 92 கிலோ சமையலறைக் கழிவு, அதாவது மரக்கறித் தோல், மீன் செதில், மிஞ்சிய சோறு, தேயிலைச் சக்கை. 31 கிலோ போத்தல், காட்போட், ரின், பொலித்தீன் போன்ற விற்கக்கூடியவை, இவற்றைத்தான் இனி உக்காதவை என்று சொல்வேன். மிச்சம் 28 கிலோ பம்பர்ஸ், பழந்துணி, உடைந்த கண்ணாடி என்று யாருக்கும் பயன்படாதது. வீட்டுக்கு ஒரு நாளைக்கு 1.2 கிலோ வருகிறது, 124 வீட்டுக்கும் கணக்குப் பார்த்தால் ஒரு கிழமைக்கு ஒரு தொன்னுக்குக் கொஞ்சம் கூட. முற்றம் கூட்டுகிற சருகை இதில் நிறுக்கவே இல்லை, ஏனென்றால் அது உங்கள் உழவு இயந்திரப் பெட்டிக்கு வருவதில்லை, காலையில் வேலிக்கரையில் எரிகிறது. அந்தப் புகைக்குள் பொலித்தீனும் சேர்ந்து எரிகிறது என்பது எங்கள் பிழைதான், உங்கள் பிழை அல்ல.

சரி, பத்தில் ஆறு பங்கு உக்கக்கூடியது. அதை ஏன் ஒன்பது கிலோமீற்றர் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும்? அதுவும் எங்கள் மண்ணில். 2017 சித்திரைப் புத்தாண்டு அன்று மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து ஆட்கள் இறந்ததை எல்லாரும் ரிவியில் பார்த்தோம். எங்களுக்கு அப்படி மலை இல்லை, அதனால் பயமும் இல்லாமல் இருக்கிறோம். யாழ்ப்பாணத்தில் குப்பை மேலே ஏறி விழாது, கீழே இறங்கும். சுண்ணாம்புக் கல்லுக்கு மேல் கொஞ்சம் மண், கல்லுக்குள் வெடிப்பும் குகையும், அதற்குள் தண்ணீர். ஓடுகிற ஆறு என்று எங்களுக்கு இருப்பது வழுக்கையாறு ஒன்றுதான், அதுவும் மாரியில் மட்டும். குடிப்பது கிணற்றுத் தண்ணீர். கலந்த குப்பையில் மழை விழுந்து கசிகிற கறுப்புத் தண்ணீர் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. அந்தக் கசிவின் பெரும்பகுதி இந்தச் சமையலறைக் கழிவில் இருந்துதான் வருகிறது, போத்தலில் இருந்து அல்ல.

இதே காரணத்தால் ஒரு விசயத்தில் நாங்கள் பிடிவாதமாக இருக்கிறோம். கூட்டுப்பசளைக்குக் கிடங்கு வெட்ட விடமாட்டோம். எங்கள் அப்பப்பா காலத்தில் வளவுக்குப் பின்னால் குப்பைக் கிடங்கு இருந்தது உண்மை, அப்போது வளவு பத்துப் பரப்பு, இப்போது இரண்டு பரப்புக்குள் வீடும் கிணறும் மலக்குழியும் இருக்கின்றன. எல்லாம் நிலத்துக்கு மேலே, மூடியோடு, கிணற்றுக்கு எதிர் மூலையில். ஒரு வாளி சமையலறைக் கழிவு போட்டால் மேலே இரண்டு மூன்று வாளி காய்ந்த சருகு போட வேண்டும். அப்படிச் செய்தால் மணமும் வராது, இலையானும் மொய்க்காது, எரிக்கிற சருகுக்கும் ஒரு வேலை கிடைக்கும். மாவிலையும் வேப்பஞ்சருகும் எங்களிடம் இல்லாத பொருளா?

இனிச் செலவு. 124 வீட்டில் 41 வீடு கூட்டுப்பசளைத் தொட்டி வேண்டாம் என்றார்கள், தோட்டம் செய்கிறவர்கள், கிடுகோ பனைமட்டையோ வைத்து அடைத்துக் குவிக்கத் தெரிந்தவர்கள். 52 வீட்டுக்குத் தொட்டி தேவை, ஒன்று 6,500 என்று விலை கேட்டு வைத்திருக்கிறோம், அது 338,000. இதில் வீட்டுக்காரர் 2,000 போட வேண்டும், சபை 4,500. சும்மா கொடுக்க வேண்டாம் என்று நாங்களே கேட்கிறோம், சும்மா கொடுத்த தொட்டியில் மூன்றாம் மாதம் கோழி அடை கிடக்கும். மிச்சம் 31 வீட்டுக்கு இடமே இல்லை. அவர்களுக்கும் 11 கடைக்கும் மூடி போட்ட வாளி 42, ஒன்று 1,400 படி 58,800. உக்காதவற்றைப் போட வீட்டுக்கு இரண்டு பழைய உரப்பை, அரிசிக்கடையில் 60 ரூபாய்க்குத் தருகிறார்கள், 248 பைக்கு 14,880, அது எங்கள் செலவு. சனசமூக நிலையத்தின் பின்பக்கக் கொட்டகைக்குச் சீமெந்துத் தரையும் கம்பி வலையும் 96,000, அதுவும் எங்கள் செலவு, கனடாவிலும் சுவிசிலும் இருக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பாதியைத் தருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். தராசு, கையுறை, சப்பாத்து 27,500. கிழமையில் மூன்று காலை வாளிகளைத் தள்ளுவண்டியில் எடுத்துவந்து கொட்டகைக்கு அருகே குவித்துப் புரட்டுகிற ஒருவருக்கு மாதம் 18,000 படி ஆறு மாதத்துக்கு 108,000. தள்ளுவண்டி வாங்க வேண்டாம், சபை வளவில் சில்லுக் கழன்ற ஒன்று நிற்கிறது, சில்லை நாங்கள் போட்டுக்கொள்கிறோம்.

இதனால் சபைக்கு என்ன மிச்சம் என்று நிதிக் குழுவில் கேட்பீர்கள். கிழமைக்கு இரண்டு லோட் ஒன்றாகும். ஆறு மாதத்தில் 26 ஓட்டம் குறையும், ஓட்டத்துக்கு ஆறு லீற்றர் டீசல் என்றால் 156 லீற்றர். போட்ட காசு ஆறு மாதத்தில் திரும்பி வராது, வரும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற நான் வரவில்லை. தொட்டி பல வருடம் கிடக்கும், அடுத்த வட்டாரத்துக்குப் போகும்போது எது வேலை செய்யும் எது செய்யாது என்பது கையில் இருக்கும், அதுதான் வரவு.

யார் என்ன செய்வது என்பதற்கு வருகிறேன், கஷ்டமான பகுதி இதுதான். ஒழுங்கைக்குள் வீடு வீடாகப் போனபோது ஒரு ஆச்சி தொட்டியைப் பார்க்கவும் மறுத்துவிட்டார். "நாங்கள் பிரிச்சு வைப்பம், பிறகு பெட்டிக்குள்ள எல்லாத்தையும் ஒண்டாத்தானே கொட்டப் போறியள், பிறகேன் எங்களைக் கஷ்டப்படுத்துறியள்?" என்றார். சில வருடங்களுக்கு முன் அப்படித்தான் நடந்தது, பிரித்துக் கட்டி வாசலில் வைத்த பைகள் ஒரே பெட்டிக்குள் போனதைச் சனம் கண்ணால் பார்த்தது, அடுத்த கிழமையே பிரிப்பதை விட்டுவிட்டது. ஒரே நாளில், ஒரே பெட்டியில் இரண்டையும் எடுத்தால் யாராக இருந்தாலும் கலக்கத்தான் செய்வார்கள். அதனால் சபையிடம் கேட்பது காசைவிட முக்கியமான ஒன்று: இரண்டு நாள், இரண்டு பொருள். செவ்வாய்க்கிழமை பயன்படாத மிச்சக் குப்பை மட்டும். ஒன்றுவிட்ட சனிக்கிழமை உக்காதவை மட்டும், அதுவும் கொட்டகை வரைதான். சமையலறைக் கழிவு பெட்டிக்குள் ஏறவே கூடாது, வைத்திருந்தால் எடுக்காமல் விட்டுவிட்டு வாருங்கள், சண்டைக்கு வருகிறவர்களை எங்களிடம் அனுப்புங்கள். இயந்திரம் பழுதாகி வர முடியாவிட்டால் முதல்நாள் எங்களுக்கு ஒரு அழைப்பு, அது போதும், கோவில் ஒலிபெருக்கியில் சொல்லிவிடுவோம்.

இன்னொன்று, நாங்களும் முதலில் யோசிக்காதது. உங்கள் தொழிலாளர்கள் பெட்டிக்கு மேல் நின்று போத்தலும் காட்போட்டும் பொறுக்கி விற்கிறார்கள், அது அவர்களின் தேத்தண்ணிக் காசு. நாங்கள் பிரித்து விற்கத் தொடங்கினால் அந்தக் காசு போய்விடும், பிறகு அவர்கள் ஏன் எங்கள் திட்டத்துக்கு ஒத்துழைக்க வேண்டும்? அதனால் பழைய இரும்பு வியாபாரிக்கு விற்று வருகிற காசில் பாதி அந்த ஒழுங்கைக்கு வருகிற தொழிலாளர்களுக்கு, பாதி கையுறை, பை வாங்கும் செலவுக்கு. கணக்கைக் கொட்டகைச் சுவரில் எழுதிப் போடுவோம். ஆனால் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டப்படி, சபை சேகரிக்கிற குப்பை சபையின் சொத்து, ஆகவே அதை நாங்கள் விற்பதற்கு உங்கள் தீர்மானம் வேண்டும். பிறகு யாரும் திருட்டு என்று சொல்லக் கூடாது பாருங்கள்.

வீட்டுக்காரரின் பொறுப்பு மூன்றாகப் பிரிப்பதும், பொலித்தீன் எரிக்காததும், பம்பர்ஸையும் கண்ணாடியையும் பேப்பரில் சுற்றித் தனியாக வைப்பதும். தொழிலாளியின் கை கிழிகிறது, அதை நினைத்தால் போதும். கடைக்காரர்கள் வாளியைக் கடைக்குள் வைக்க வேண்டும், மதிலோரம் அல்ல. கோவிலில் பூவும் அன்னதான வாழையிலையும் நேராகக் குவியலுக்கு வரும், திருவிழா நாட்களில் தொண்டர்களை நிறுத்தப் பரிபாலன சபை சம்மதித்திருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் நாங்கள் கேட்பது மாதம் ஒரு தடவை தொட்டிகளையும் கொட்டகையையும் பார்க்க வேண்டும் என்பது, சிரட்டையிலும் யோகட் கப்பிலும் தண்ணீர் நின்று நுளம்பு பெருகினால் திட்டமே டெங்குத் திட்டமாகிவிடும்.

தொடக்கம் புரட்டாசி மாதம், செப்டெம்பர் முதல் பெப்ரவரி வரை. மழைக்கு முன் ஆரம்பித்து வெள்ளம் ஒழுங்கைக்குள் நிற்கிற கார்த்திகையைக் கடக்க வேண்டும் என்று வேண்டுமென்றேதான் வைத்தோம். கோடையில் செய்து நன்றாக நடந்தது என்று படம் எடுத்துப் போடலாம், மாரி வந்தால் தெரியும். மாதக் கடைசிக் கிழமையில் பெட்டிக்குள் போவதை நிறுப்போம். இப்போது ஒரு தொன்னுக்கு மேல் போவது ஆறாம் மாதம் பாதியாக வேண்டும். மூன்றாம் மாதம் நூற்றுக்கு எழுபது வீடாவது பிரிக்காவிட்டால் நாங்களே வந்து நிறுத்தச் சொல்வோம், அதற்குப் பிறகான படிக்காசை எடுக்கமாட்டோம், பாவிக்காத தொட்டிகளைத் திருப்பித் தருவோம்.

ஆகவே இன்றைக்கு வேண்டியது மூன்று தீர்மானம்: 428,300 ரூபாயை இரண்டு தவணையாக விடுவது, செவ்வாய், சனி என்ற இரண்டு நாள் ஏற்பாட்டை எழுத்தில் உறுதிப்படுத்துவது, உக்காதவற்றை விற்க அனுமதி. காசு அடுத்த அமர்வுக்குத் தள்ளிப் போனாலும் பரவாயில்லை, நாளையும் கிழமையையும் இன்றைக்கே முடிவு செய்து தாருங்கள், அந்த ஆச்சியிடம் போய்ச் சொல்ல ஒரு கடுதாசி வேண்டும்.