மணி மாறுற ஞாயிறுக்கு முன்னம் ரண்டு கடிதம்

நல்லூர்
5 மார்ச் 2026, வியாழன், இரவு 10:00
(உங்களுக்கு வியாழன் முற்பகல் 11:30)

என்ர செல்லத்துக்கு,

நீங்கள் நித்திரையா இருக்கிற நேரம் பாத்துத்தான் எழுதுறன். முழிச்சிருந்தா ஒவ்வொரு வரிக்கும் பதில் பாக்க மனம் ஓடும், கடிதம் துண்டு துண்டாப் போயிடும்.

வாற ஞாயிறு, 8ஆம் திகதி, விடியப்புறம் ரண்டு மணிக்கு ரொறொன்ரோவிலை மணிக்கூடு ஒரு மணித்தியாலம் முன்னுக்குப் போகும். எங்கட மணி மாறாது. பத்தரை மணித்தியால வித்தியாசம் நவம்பர் 1 வரைக்கும் ஒன்பதரையாகும். நீங்கள் காலமை ஏழுக்கு வேலை முடிக்கேக்கை இப்ப எனக்குப் பின்னேரம் ஐந்தரை, திங்கள் தொடக்கம் நாலரை. அப்ப நான் ரியூசனிலை பிள்ளையளோட நிப்பன். போன நவம்பரிலை மணி மாறினது தெரியாமல் ஒரு மணித்தியாலம் போனைக் கையிலை வச்சுக்கொண்டு, மறந்திட்டீங்கள் எண்டு அழுதன். இந்தமுறை அது வேண்டாம்.

அதனாலை இனி உங்கட விடியப்புறம் மூண்டு மணி இடைவேளையிலை என்ர கடிதம் இருக்கும். வாசியுங்கோ, பதில் அப்ப எழுதாதேங்கோ. களைப்பிலை "சரி" மட்டும்தான் வரும். அது கோவமோ நித்திரையோ எண்டு நான் இரவு முழுக்க யோசிச்சுக்கொண்டு கிடப்பன். எழும்பி, தேத்தண்ணி குடிச்சிட்டு எழுதுங்கோ.

"வேலை கஷ்டம்" எண்டும் எழுதாதேங்கோ. எந்தக் கை நோகுது, விரல் வெடிச்சிருக்கா எண்டு எழுதுங்கோ. அப்பத்தான் அந்தக் கையை நான் பிடிக்கலாம். "இண்டைக்கு" எண்டு போடாமல் கிழமையைப் போடுங்கோ: உங்கட வெள்ளி இரவு எனக்குச் சனி காலமை.

கிணத்தடி வேம்பு பூக்கத் தொடங்கீட்டுது. காலமை வெள்ளைச் சீலை விரிச்சுப் பூப் பிடிக்கிறன். காம்பு பொறுக்கிக் காயப்போட்டு, ஒரு சுண்டு உழுந்து ஊறவைச்சு அரைச்சு வடகம் தட்டப்போறன். நல்லாக் காயாமல் போத்திலிலை போட்டாப் பூஞ்சணம் பிடிக்கும், அதனாலை அவசரப்படேல்லை.

உங்கட ஆள்

ஸ்காபரோ
6 மார்ச் 2026, வெள்ளி, பின்னேரம் 5:00
(உமக்குச் சனி விடியப்புறம் 3:30)

என்ர ராசாத்தி,

இடைவேளையிலை ரண்டு தரம் வாசிச்சன். நீர் சொன்னபடி அப்ப ஒண்டும் எழுதேல்லை.

வலது கை. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலை வெடிச்சிருக்கு. குளிர் காத்தும் காட்போட் பெட்டியும் தோலைக் காயவைக்குது. படுக்கேக்கை வசலீன் பூசித் துணிக் கையுறை போடுறன். நீர் கேட்டதாலை சொல்லுறன், இல்லாட்டில் மறைச்சிருப்பன்.

நவம்பரிலை நீர் அழுததை இப்பத்தான் அறியிறன். அண்டைக்கு நான் ஏழு மணிக்குப் பஸ் தரிப்பிடத்திலை நிண்டு எடுத்தனான், உமக்கு அது ஐந்தரை. ரண்டு பேரும் சொன்ன நேரத்துக்குத்தான் நிண்டிருக்கிறம்.

நீர் எழும்பி இதை வாசிக்கேக்கை எனக்கு வெள்ளி இரவு ஏழாகும், சோறு அடுப்பிலை இருக்கும். ரண்டு பேருக்கும் அரிசி அளக்கிற பழக்கம் இன்னும் போகேல்லை.

உம்மட ஆள்