மாங்காய் ஊறுகாய் லேபிள்: டிசைனுக்கான குறிப்பு

கார்த்தி தம்பிக்கு,

போனில் சொன்னதை எல்லாம் எழுதித் தரச் சொன்னாய். எழுதிவிட்டேன், கொஞ்சம் நீளம்தான். 300 கிராம் கண்ணாடி பாட்டிலுக்கு இந்த ஒரு லேபிள் சரியாக வந்துவிட்டால், எலுமிச்சைக்கும் நார்த்தங்காய்க்கும் பெயரையும் சேர்மானத்தையும் மாற்றினால் போதும்.

பாட்டிலை நூல் சுற்றி அளந்தேன்: சுற்றளவு 22 செ.மீ., லேபிள் ஒட்டக்கூடிய நேரான பகுதி 6.5 செ.மீ. லேபிள் 20 செ.மீ. நீளம், 6 செ.மீ. உயரம் இருக்கட்டும். மிச்சமாகும் 2 செ.மீ. இடைவெளி வழியே மாங்காய்த் துண்டு தெரிய வேண்டும். கடையில் எடுத்துப் பார்ப்பவர்கள் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள். அதனால் மாங்காய்ப் படம் வேண்டாம். போன தடவை வேறொருவர் செய்த லேபிளில் பாதி இடத்தை மாமரமே எடுத்துக்கொண்டது. எழுத்து எறும்பு வரிசை மாதிரி ஓரத்தில் ஊர்ந்தது. சந்தையில் ஒரு பெரியம்மா பாட்டிலைக் கையை நீட்டிப் பிடித்தும் படிக்க முடியாமல், "எப்பப் போட்டதுன்னு நீயே சொல்லும்மா" என்றார். நான் சொன்னதை நம்பி வாங்கிப்போனார். எல்லாரும் அப்படி நம்ப மாட்டார்கள்.

லேபிளை மூன்றாகப் பிரித்துக்கொள்: நடுவில் முகப்பு 7 செ.மீ., இடது பக்கம் தமிழ், வலது பக்கம் ஆங்கிலம், இரண்டும் தலா 6.5 செ.மீ. சட்டப்படி கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தாக வேண்டும், தமிழ் அதற்குக் கூடுதல்தான். ஆனால் நம் பாட்டிலை வாங்குபவர்கள் படிப்பது தமிழை. அதனால் இரண்டுக்கும் ஒரே இடம், ஒரே அளவு எழுத்து. ஆங்கிலப் பகுதியையும், ஆய்வகம் தந்த சத்து விவர அட்டவணையையும் மகள் தனித்தாளில் தட்டச்சு செய்து இணைத்திருக்கிறாள். அட்டவணையில் ஒரு புள்ளிகூட மாறக் கூடாது.

முகப்பில் வருவது:

மரக்கரண்டி
மாங்காய் ஊறுகாய்
நல்லெண்ணெயில் ஊறியது
நிகர எடை: 300 கிராம்

"மாங்காய் ஊறுகாய்" என்பதுதான் பெரிதாக இருக்க வேண்டும், பிராண்டுப் பெயர் அதில் பாதி போதும். எடையின் எண் 5 மி.மீ. உயரம், சுற்றிலும் காற்றோட்டமாக இடம் விட்டு. வலது மேல் மூலையில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம்: வட்டம் 4 மி.மீ., சதுரத்தின் பக்கம் 8 மி.மீ. சதுரத்தின் பக்கம் வட்டத்தைப் போல இரண்டு மடங்கு என்பது விதி. அழகுக்காக இலைப் பச்சை, கிளிப் பச்சை என்று மாற்றிவிடாதே. "சுத்தமான", "பாரம்பரிய" போன்ற சொற்களும் வேண்டாம். அவற்றைப் போடவும் நிபந்தனை இருக்கிறது.

முகப்பின் அடியில் 65 × 14 மி.மீ. வெள்ளைக் கட்டம். தலைப்புகள் இரு மொழியிலும் அச்சில் வரட்டும், எதிரே ரப்பர் ஸ்டாம்பில் நான் குத்திக்கொள்கிறேன். முதல் தொகுதிக்கு இப்படி இருக்கும், இடம் போதுமா என்று இதை வைத்தே பார்:

தொகுதி எண்: மா 04
தயாரித்த நாள்: 12.05.2026
பயன்படுத்தக் கடைசி நாள்: 11.11.2026
அதிகபட்ச சில்லறை விலை: ₹180 (அனைத்து வரிகளும் உட்பட)
ஒரு கிராம்: ₹0.60

இந்தக் கட்டத்தின் மேல் மட்டும் லேமினேஷன் வரக் கூடாது. பளபளப்பின் மேல் ஸ்டாம்ப் மசி நிற்காது. எண்ணெய்க் கை பட்டதும் தேதி வழித்துக்கொண்டு வந்துவிடும். மற்ற இடமெல்லாம் லேமினேஷன் கட்டாயம். நல்லெண்ணெய் மூடி வழியாகக் கசிந்து, சாதாரணத் தாள் லேபிள் அப்பளம் மாதிரி ஊறிப் போனதைப் பார்த்தவள் நான்.

இடது பக்கத் தமிழ்ப் பகுதி, அப்படியே:

சேர்மானங்கள்: மாங்காய், நல்லெண்ணெய், உப்பு, மிளகாய்த் தூள், கடுகு, வெந்தயம், மஞ்சள் தூள், கூட்டுப் பெருங்காயம்.
ஒவ்வாமை: கோதுமை உள்ளது (பெருங்காயத்தில்).
வைக்கும் முறை: ஈரமில்லாத கரண்டியால் எடுக்கவும். எண்ணெய்க்கு மேலே துண்டு தெரிந்தால் அமுக்கிவிடவும். வெயில் படாத இடத்தில் வைக்கவும்.
தயாரித்து அடைத்தவர்: மரக்கரண்டி, திண்டுக்கல்.

இதில் சேர்மான வரிசையை மாற்றாதே. எது எடையில் அதிகமோ அது முன்னால்: 10 கிலோ மாங்காய்க்கு எண்ணெய் 2½ கிலோ, உப்பு 1½, மிளகாய்த் தூள் 1, அப்புறம் கடுகு 250 கிராம், வெந்தயம் 150, மஞ்சள் 75, பெருங்காயம் 50. கோதுமை எதற்கு என்று கேட்பாய். நாங்கள் வாங்கும் பெருங்காயத்தில் மைதா கலந்திருக்கிறது, டப்பாவிலேயே போட்டிருக்கிறது. 50 கிராம்தானே என்று விட முடியாது. ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது போதும். ஆகவே அந்த வரி தடித்த எழுத்தில்.

முழு முகவரி, எப்எஸ்எஸ்ஏஐ பதிவு எண், புகார் சொல்ல வேண்டிய தொலைபேசி எண் மூன்றையும் இணைத்துள்ள சான்றிதழ் நகலிலிருந்தும் என் விசிட்டிங் கார்டிலிருந்தும் எடுத்துப் போடு. பதிவு எண் 14 இலக்கம். எண்ணிப் பார். போன லேபிளில் 13தான் இருந்தது, 500 லேபிள் அடுப்புக்குப் போனது.

பொடி எழுத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை. "க" எழுத்தின் உயரம் 2 மி.மீ.க்குக் குறையவே கூடாது. இடம் போதவில்லை என்று எழுத்தைப் பக்கவாட்டில் நெருக்காதே; கட்டாய விவரங்களில் எழுத்தின் அகலம் உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. தமிழில் மேலே "கி"யின் கொக்கி, கீழே "து"வின் வால், அதனால் வரிக்கு வரி 4 மி.மீ. விடு. மெல்லிய எழுத்துரு வேண்டாம், புள்ளி காணாமல் போய் "உப்பு" "உபபு" ஆகிவிடும். ரொம்பத் தடிமனும் வேண்டாம், "ண"வின் சுழிகள் மசியால் அடைத்துக்கொள்ளும். பொடி எழுத்து முழுவதும் வெளிர் மஞ்சள் தாளில் கறுப்பு ஒற்றை மசி. சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து கணினியில் ஜோராக இருக்கும், அச்சில் வண்ணம் அரை மயிரிழை விலகினாலே எழுத்து கலங்கிவிடும்.

இன்னொன்று: நான் அனுப்புவது யூனிகோட். உன் மென்பொருளில் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது "தொகுதி"யில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கலாம். ஒவ்வொரு கொம்பையும் கண்ணால் பார்த்துவிட்டு அப்புறம் எழுத்தை வடிவமாக மாற்று.

இடம் பற்றாவிட்டால் முதலில் போக வேண்டியது "நல்லெண்ணெயில் ஊறியது" என்ற வரி. அப்பத்தாவின் கதையை எழுதி வைத்திருந்தேன், அதை நானே எடுத்துவிட்டேன்.

சிவகாசிக்கு அனுப்புமுன் சாதாரணத் தாளில் அசல் அளவில் அச்சடித்து மூன்று பிரதி கொடு. பாட்டிலில் சுற்றி, சமையலறை டியூப்லைட்டில், அம்மாவைக் கண்ணாடி போடாமல் கடைசித் தேதியைப் படிக்கச் சொல்வேன். அவர் தடவாமல் படித்தால் 1,000 லேபிள் அடி. மாங்காய் வியாழக்கிழமை வருகிறது, அதற்கு முன்னால் பிரதி கையில் இருந்தால் நல்லது.

செல்வி அக்கா