மீட்டர் போர்டு விளக்குகள்: எதற்கு நிறுத்த வேண்டும், எதற்கு ஓட்டலாம்

அண்ணாச்சி, உங்கள் வண்டிப் புத்தகத்திலிருந்து நீங்கள் அனுப்பிய இரண்டு போட்டோவிலும் இருக்கிற விளக்குப் பட்டியலைத் தமிழில் எழுதியிருக்கிறேன். புத்தகத்தில் ஆங்கில அகரவரிசைப்படி அடுக்கியிருக்கிறார்கள். அதனால் இன்ஜின் கொதிப்பும் டயர் காற்றும் பக்கத்துப் பக்கத்து வரியில் வருகின்றன. புளியரை எஸ் வளைவில் ஏறும்போது அது உதவாது. அவசரத்தைப் பார்த்து வரிசையை மாற்றியிருக்கிறேன்.

புத்தகம் மூன்று விதமாகச் சொல்கிறது. மூன்றையும் ‘உடனே காட்டவும்’ என்று எழுதினால் தப்பாகிவிடும். ஆகவே ‘அங்கேயே நிறுத்து’, ‘இன்றைக்கே காட்டு’, ‘அடுத்த சர்வீசில் பார்’ என்று பிரித்திருக்கிறேன். பொதுவாகச் சிவப்பு ஆபத்து, மஞ்சள் கவனம், பச்சையும் நீலமும் வெறும் தகவல்.

அங்கேயே நிறுத்து

எண்ணெய்க் குடுவை, மூக்கில் ஒரு சொட்டு, சிவப்பு: இன்ஜின் ஆயில் பிரஷர் இல்லை. ‘ஆயில் குறைவு’ என்று படிக்காதீர்கள். அளவு சரியாக இருந்தும் பம்போ வடிகட்டியோ கெட்டுப் பிரஷர் விழலாம். ஓரம் கட்டி இன்ஜினை உடனே அணையுங்கள். பிரஷர் இல்லாமல் சில நிமிடம் ஓடினாலே பேரிங் பிடித்துவிடும், அதற்கு மேல் முழு இன்ஜின் வேலைதான். சமதளத்தில் சில நிமிடம் விட்டு டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பாருங்கள். கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால் ஊற்றலாம். ஊற்றி ஸ்டார்ட் செய்தும் விளக்கு உடனே அணையவில்லையென்றாலும், அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்திருந்தாலும், இன்ஜினை ஓடவிடாமல் கட்டி இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

அலைமேல் தெர்மாமீட்டர், சிவப்பு: இன்ஜின் கொதிக்கிறது. ஏசியை அணைத்து ஓரம் கட்டுங்கள். ரேடியேட்டர் மூடியையோ கூலன்ட் டப்பா மூடியையோ சூட்டில் திறக்கக் கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் முகத்தில் பீய்ச்சும். குறைந்தது அரை மணி நேரம் ஆறவிட்டு, மூடியைத் துணி போட்டு மெதுவாகத் திருப்பி, டப்பாவில் MIN கோட்டுக்கு மேல் வரும்வரை கூலன்ட் ஊற்றுங்கள். கொதிக்கிற இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடும். இதே படம் நீலத்தில் வந்தால் இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று மட்டும் அர்த்தம். காலையில் வருவது சகஜம்.

வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி, இரு பக்கமும் வளைவு, சிவப்பு: பிரேக். முதலில் ஹேண்ட்பிரேக்கை முழுதாக இறக்குங்கள். அப்புறமும் எரிந்தால் பிரேக் ஆயில் குறைந்திருக்கிறது, அல்லது எங்கோ ஒழுகுகிறது. வளைவில் மட்டும் மினுக்கி மினுக்கி அணைந்தால் ஆயில் கோட்டின் ஓரத்தில் நிற்கிறது என்று பொருள். பேட் தேய்ந்தாலே டப்பாவில் அளவு இறங்கும், ஆகவே ஊற்றுவதற்கு முன் பேடைப் பாருங்கள். இதனுடன் ABS விளக்கும் சேர்ந்து எரிந்தால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஆரியங்காவிலிருந்து தென்மலை இறங்குகிற ரோட்டில் இந்த விளக்கோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள்.

பேட்டரிப் பெட்டி, சிவப்பு: புத்தகத்தில் ‘சார்ஜிங்’ என்று இருக்கிறது. ‘பேட்டரி போச்சு’ என்று புதுப் பேட்டரி வாங்கிவிட வேண்டாம். ஆல்டர்னேட்டரோ அதன் பெல்ட்டோதான் பெரும்பாலும் காரணம். அதே பெல்ட் தண்ணீர் பம்பையும் சுற்றும் வண்டி என்றால், அறுந்ததும் கொதிப்பு விளக்கும் கூடவே வரும். அப்போது நிறுத்தியே ஆக வேண்டும். சூடு ஏறவில்லையென்றால் ஏசி, பாட்டு, தேவையில்லாத விளக்கு எல்லாவற்றையும் அணைத்து, இன்ஜினை அணைக்காமல் பக்கத்துப் பட்டறைக்குப் போகலாம். அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகும் என்று நம்ப முடியாது.

ஸ்டியரிங் வட்டமும் ஆச்சரியக்குறியும், சிவப்பு: பவர் உதவி போய்விட்டது. ஸ்டியரிங் திரும்பும், ஆனால் கல் மாதிரி இருக்கும். மலை ரோட்டில் வேண்டாம்.

இன்றைக்கே காட்டு

இன்ஜின் உருவம், மஞ்சள்: நின்று எரிந்தால் மெதுவாக ஓட்டிக்கொண்டு வாருங்கள், ஸ்கேனர் போட்டுப் பிழைக் குறியீட்டை எடுத்தால்தான் காரணம் தெரியும். கண் சிமிட்டினால் வேறு கதை: சிலிண்டர் மிஸ்ஸாகிறது. பெட்ரோல் வண்டியில் எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுவிடும், ஆகவே ஆக்ஸிலரேட்டரை விட்டு நிறுத்துங்கள். உங்கள் வண்டி டீசல், அதனால் நின்று எரிவதைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

புள்ளிகள் நிரம்பிய பெட்டி, மஞ்சள்: புகைக்குழாயின் கரி வடிகட்டி நிறைந்துவிட்டது. சந்தைத் தெருவில் மட்டும் மெதுவாக ஓடும் வண்டிக்கு இது அடிக்கடி வரும், கரி எரிய நீடித்த வேகமும் சூடும் வேண்டும். தென்காசியிலிருந்து திருநெல்வேலி ரோட்டில் 60 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் 15, 20 நிமிடம் விடாமல் ஓட்டினால் அநேகமாக அணைந்துவிடும். அணையாமல் வண்டி இழுவை குறைந்தால் பட்டறைக்கு. தள்ளிப்போட்டால் வடிகட்டியையே மாற்ற வேண்டிவரும், அது பெரிய செலவு.

உட்கார்ந்த மனிதனும் முன்னால் உருண்டையும்: ஏர்பேக். வண்டி ஓடும், ஆனால் மோதினால் பலூன் விரியாமல் போகலாம். முன்சீட்டின் அடியில் மஞ்சள் நிற இணைப்பு ஒன்று இருக்கும். சீட்டைத் தள்ளும்போதும் கூட்டும்போதும் அது தளர்ந்துபோவது வழக்கம். நீங்களாகப் பிடுங்கிச் சொருகாதீர்கள்.

ABS மட்டும், மஞ்சள்: சாதாரண பிரேக் வேலை செய்யும். ஈர ரோட்டில் அழுத்திப் பிடித்தால் சக்கரம் பூட்டி வழுக்கும். தென்மேற்கு மழைக் காலத்தில் இடைவெளி விட்டு ஓட்டுங்கள்.

குதிரை லாடம் போன்ற படமும் ஆச்சரியக்குறியும்: டயர் காற்று. ஒரு நிமிடம் சிமிட்டிவிட்டு நின்று எரிந்தால் காற்று அல்ல, சென்சார் பழுது.

கம்பிச் சுருள், மஞ்சள்: ஸ்டார்ட் செய்யுமுன் டீசல் இன்ஜினைச் சூடாக்கும் குளோ பிளக். சாவி போட்டதும் சில நொடி எரிவது முறை, அணைந்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். ஓடும்போது சிமிட்டினால், நின்று எரியும் இன்ஜின் விளக்கைப் போலவே நடத்துங்கள்.

அடுத்த சர்வீசில் பார்

ஸ்பேனர்: இந்தப் புத்தகத்தின்படி இது சர்வீஸ் நாள் வந்துவிட்டது என்ற நினைவூட்டல் மட்டும். பழுது இல்லை. ஆயிலும் வடிகட்டியும் மாற்றிய பிறகு பட்டறையில் எண்ணிக்கையை மறுபடி தொடங்கிவைக்காவிட்டால் எரிந்துகொண்டே இருக்கும். வாஷர் தண்ணீர், பெட்ரோல் பங்க் படம், கதவு, சீட் பெல்ட் விளக்குகளும் பழுது இல்லை, நினைவூட்டல்தான், ஆனால் இவற்றைச் சர்வீஸ்வரை தள்ளாமல் அப்போதே கவனியுங்கள். டீசலைக் காலியாகும்வரை ஓட்டாதீர்கள், காற்றுப் புகுந்தால் பம்ப் அடித்து எடுக்க வேண்டும்.

புனலூரில் பழைய வண்டியாக வாங்கியது என்பதால் ஒன்று கூடச் சொல்கிறேன். சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்யாமல் பாருங்கள். இன்ஜின், ஆயில், பேட்டரி, ABS, ஏர்பேக் ஐந்தும் எரிய வேண்டும். ஏர்பேக்கும் ABS-உம் சில நொடியில் அணையும், மற்றவை ஸ்டார்ட் ஆன பிறகு அணையும். எதாவது ஒன்று எரியவே இல்லையென்றால், பழுதை மறைக்க அதைப் பிடுங்கியிருக்கலாம். விற்றவரிடம் இப்போதே கேளுங்கள்.

இரண்டாவது போட்டோவின் கடைசி வரியில் பிளாஷ் அடித்து எழுத்து மறைந்துவிட்டது. படம் தெரிகிறது: வடிகட்டியும் அடியில் சொட்டுகளும், மஞ்சள். டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறது. ‘இன்றைக்கே’ வகையில் வையுங்கள், தண்ணீர் இன்ஜெக்டரையும் உயர் அழுத்தப் பம்பையும் அரிக்கும். வடிகட்டியின் அடியில் திருகைத் தளர்த்தி, சுத்தமான டீசல் வரும்வரை ஒரு டப்பாவில் வடித்து, இறுக்கி, காற்றை எடுக்க வேண்டும். திருகு எங்கே என்பது அந்த வரியில் இருக்கும். பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், பக்கத்தை மட்டமாக வைத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். அதையும் எழுதித் தருகிறேன்.